ஒரே தாமதப் பட்டியல், இரண்டு டேட்டாபாத்: கிரிட்டிகல் பாத் கண்டுபிடித்து ஸ்பீடப் கணக்கிடுவது எப்படி

போன வாரம் ஒரு மாணவி தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ரிஸ்க்-ஃபைவ் சிங்கிள்-சைக்கிள் டேட்டாபாத்தை அழகாக வரைந்து, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அதன் தாமதத்தைப் பென்சிலால் எழுதி, கடைசியில் `lw` கட்டளையின் வழியில் தென்படும் பெட்டிகளை எல்லாம் கூட்டி அடிக்கோடு போட்டிருந்தாள். பக்கத்திலேயே "பைப்லைன் = 5 ஸ்டேஜ், ஆகவே 5 மடங்கு வேகம்" என்று ஒரு வரி. "சார், விடை ஏன் ஒத்து வரல?" என்றாள். அந்த ஒரு பக்கத்தில் இரண்டு தவறுகள் இருந்தன. இந்தக் கணக்கில் பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடங்களும் அவைதான். ஒரே தாமதப் பட்டியலை வைத்துக்கொண்டு, 5 மடங்கு என்று தோன்றும் எண் எங்கெங்கே கரைந்து கடைசியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

நான் எடுத்துக்கொள்ளும் தாமதங்கள் இவை, எல்லாம் பிகோ வினாடியில். பயிற்சிக்காக நானே போட்ட எண்கள்தான், எந்தச் சிப்பிலும் அளந்தவை அல்ல.

```
ரெஜிஸ்டர் கிளாக்-டு-க்யூ      30
கட்டளை மெமரி              240
ரெஜிஸ்டர் ஃபைல் படிப்பு     160
மக்ஸ்                      25
ஏஎல்யூ                    210
ஆடர்                      140
டேட்டா மெமரி              260
இம்மீடியட் ஜெனரேட்டர்      50
கன்ட்ரோல்                  60
ஆண்ட் கேட்                 10
செட்டப்                    20
```

முதல் வரியையும் கடைசி வரியையும் பலர் கவனிப்பதே இல்லை. கிளாக் எட்ஜ் வந்த பிறகு ரெஜிஸ்டரின் வெளியீட்டில் புது மதிப்பு தெரிய 30 ஆகிறது, அதுதான் கிளாக்-டு-க்யூ. அடுத்த எட்ஜ் வருவதற்குக் குறைந்தது 20 முன்னாலேயே உள்ளீடு ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும், அது செட்டப். ஆக, எந்தப் பாதையை எடுத்தாலும் தொடக்கத்தில் ஒரு 30, முடிவில் ஒரு 20. இந்த 50 பின்னால் பெரிய வேலை செய்யப்போகிறது.

சிங்கிள்-சைக்கிள்: ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பாதை

கிரிட்டிகல் பாத் என்பது ஒரு ரெஜிஸ்டரில் தொடங்கி இன்னொரு ரெஜிஸ்டரில் முடியும் பாதைகளில் மிக நீளமானது, அவ்வளவுதான். பெட்டிகளின் மொத்தக் கூட்டுத்தொகைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரு பெட்டிக்கு இரண்டு உள்ளீடு வந்தால், எது கடைசியில் வந்து சேர்கிறதோ அதிலிருந்துதான் மேலே எண்ண வேண்டும், இரண்டையும் கூட்டக் கூடாது. பந்தியில் எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் இலை போடுவோம் என்றால், கடைசியாக வந்தவர் வந்த நேரம்தான் கணக்கு.

இதை `lw` கட்டளையில் செய்து பார்ப்போம். எட்ஜ் அடித்ததும் பிசி மதிப்பு 30-ல் வெளியே வருகிறது. கட்டளை மெமரி 240 எடுக்க, 270-ல் கட்டளை கையில் இருக்கிறது. இங்கே பாதை மூன்றாகப் பிரிகிறது. ரெஜிஸ்டர் ஃபைலில் முகவரிக்கான அடிப்படை மதிப்பைப் படிக்க 160, அது 430-ல் முடிகிறது. இம்மீடியட் ஜெனரேட்டர் 50, அப்புறம் ஏஎல்யூவின் இரண்டாம் உள்ளீட்டு மக்ஸ் 25, அது 345. கன்ட்ரோல் 60 எடுத்து அதே மக்ஸுக்குத் தேர்வு சிக்னலைக் கொடுக்க, மக்ஸ் 25-ஐயும் சேர்த்தால் 355. மூன்றில் கடைசியாக வருவது 430. ஆகவே ஏஎல்யூவின் கடிகாரம் 430-ல்தான் தொடங்குகிறது, 640-ல் முகவரி தயார், டேட்டா மெமரி முடிய 900, எழுதும் மதிப்பைத் தேர்ந்தெடுக்கும் மக்ஸோடு 925, செட்டப்போடு 945.

```
lw:  30 + 240 + 160 + 210 + 260 + 25 + 20 = 945
```

மாணவியின் நோட்டில் இது 970 என்று இருந்தது. காரணம், ஏஎல்யூவுக்கு முன்னால் இருக்கும் மக்ஸின் 25-ஐயும் இதே வரிசையில் கூட்டியிருந்தாள். அந்த மக்ஸ் இரண்டாம் உள்ளீட்டில் இருக்கிறது, `lw` அதில் இம்மீடியட்டை அனுப்புகிறது, அது எப்போதோ வந்து காத்திருக்கிறது. தாமதமாக வருவது முதல் உள்ளீடு, அதில் மக்ஸ் கிடையாது. சரி, படத்தைப் பார்த்தால் இரண்டாம் ரெஜிஸ்டர், மக்ஸ், ஏஎல்யூ, டேட்டா மெமரி என்று 970 நீளத்துக்கு ஒரு கம்பி நிஜமாகவே போகிறதே என்று கேட்டால், போகிறது. ஆனால் டேட்டா மெமரியிலிருந்து படித்து ரெஜிஸ்டரில் எழுதும் ஒரே வகைக் கட்டளை லோட், லோட் வரும்போது அந்த மக்ஸ் இம்மீடியட் பக்கம் திரும்பியிருக்கும். அந்தப் பாதையில் எந்தக் கட்டளையும் பயணிப்பதில்லை. இதைப் பொய்ப் பாதை என்பார்கள். டைமிங் அனலிசிஸ் மென்பொருளுக்கு இது தானாகத் தெரியாது, `set_false_path` என்று எழுதிச் சொல்லாவிட்டால் 970-ஐத்தான் அறிக்கையில் காட்டும். கையால் கணக்குப் போடும்போது கட்டளை வாரியாகப் போனால் இந்தப் பிழை வராது, அதனால்தான் நான் எப்போதும் கட்டளை வாரியாகவே போகச் சொல்கிறேன்.

`add` கட்டளைக்கு அந்த மக்ஸ் உண்மையிலேயே வழியில் வரும், ஏனென்றால் இரண்டாம் ரெஜிஸ்டரின் மதிப்பு அதன் வழியாகத்தான் போகிறது. 30, 240, 160, 25, 210, அப்புறம் எழுதும் மக்ஸ் 25, செட்டப் 20, மொத்தம் 710. `sw` மெமரியில் முடிந்துவிடும், எழுதவும் அதே 260 ஆகும் என்று வைத்தால் 900. `beq` சற்று சுவாரசியமானது. ஒப்பிட்டு முடிக்க 665 ஆகிறது, ஆண்ட் கேட்டுக்கு 10, பிசிக்கு முன்னால் உள்ள மக்ஸுக்கு 25, செட்டப் 20, ஆக 720. தாவ வேண்டிய முகவரியைக் கூட்டும் ஆடர் 460-லேயே வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும், அதன் 140-ஐ இதில் சேர்க்கக் கூடாது.

எல்லாக் கட்டளைகளுக்கும் ஒரே கிளாக் என்பதால் நீளமானதற்குத்தான் இடம் விட வேண்டும். கிளாக் பீரியட் 945, அதிர்வெண் ஏறக்குறைய 1.06 கிகாஹெர்ட்ஸ். `add` 710-ல் வேலையை முடித்துவிட்டு 235 சும்மா நிற்கும். நிரலில் `lw` ஒன்றுகூட இல்லாவிட்டாலும் கிளாக் அப்படியேதான் ஓடும், சராசரி எடுக்கும் பேச்சே இங்கே இல்லை.

பைப்லைன்: ஒவ்வொரு ஸ்டேஜும் தனிப் பாதை

இப்போது நான்கு இடங்களில் பைப்லைன் ரெஜிஸ்டர் வைத்து ஐந்தாக வெட்டுகிறோம். ரெஜிஸ்டரில் தொடங்கி ரெஜிஸ்டரில் முடியும் பாதை என்ற விதி மாறவில்லை, பாதைகள் மட்டும் குட்டையாகிவிட்டன. ஆனால் ஒவ்வொரு ஸ்டேஜும் தொடக்கத்தில் அந்த 30-ஐயும் முடிவில் அந்த 20-ஐயும் தனித்தனியாகக் கொடுத்தாக வேண்டும்.

```
ஃபெட்ச்       30 + 240 + 20      = 290
டீகோட்        30 + 160 + 20      = 210
எக்ஸிக்யூட்    30 + 25 + 210 + 20 = 285
மெமரி         30 + 260 + 20      = 310
ரைட்பேக்      30 + 25 + 20       = 75
```

மிக மெதுவான ஸ்டேஜ் மெமரி, ஆகவே கிளாக் பீரியட் 310. ஸ்பீடப் 945 / 310, அதாவது 3.05. ஐந்து எங்கே போனது? இரண்டு பங்காகப் போனது. `lw` பாதையில் 30-ஐயும் 20-ஐயும் கழித்தால் உண்மையான வேலை 895. அதைக் கத்தியால் அளந்தது போல் ஐந்து சமத் துண்டாக வெட்ட முடிந்தால்கூட ஒவ்வொரு துண்டும் 179, அதோடு 50 சேர்த்து 229, ஸ்பீடப் 4.13. ஐந்துக்கும் 4.13-க்கும் இடையில் உள்ளது ரெஜிஸ்டர்களுக்குக் கொடுத்த விலை. 4.13-க்கும் 3.05-க்கும் இடையில் உள்ளது துண்டுகள் சமமாக இல்லாததன் விலை. ரைட்பேக் 75-ல் முடிந்துவிட்டு மெமரிக்காக 235 காத்திருக்கிறதே, அது.

கேட் மாதிரியான தேர்வுகளில் கட்டளைகளின் எண்ணிக்கையும் கொடுத்துக் கேட்பார்கள். முதல் கட்டளை வெளியே வர 5 சைக்கிள், அதன் பிறகு சைக்கிளுக்கு ஒன்று, ஆக N கட்டளைகளுக்கு N + 4 சைக்கிள்.

```
N = 10    :  9450 / (14 × 310)     = 2.18
N = 1000  :  945000 / (1004 × 310) = 3.04
```

தனியாக ஒரே ஒரு `lw` எடுத்தால் 5 × 310 = 1550 பிகோ வினாடி, சிங்கிள்-சைக்கிளின் 945-ஐ விட அதிகம். பைப்லைன் ஒரு கட்டளையைச் சீக்கிரம் முடிப்பதில்லை, அடுத்தடுத்த கட்டளைகள் முடியும் இடைவெளியைத்தான் குறைக்கிறது. உங்கள் விடையில் தனிக் கட்டளையின் நேரம் 945-க்குக் கீழே வந்தால் எங்கேயோ 50-ஐ விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஃபார்வர்டிங் வந்ததும் கணக்கு மாறுகிறது

பல பயிற்சிக் கணக்குகள் 3.05-ல் நின்றுவிடுகின்றன. ஆனால் மேலே வெட்டிய பைப்லைன் சரியாக ஓடாது, முந்தைய கட்டளையின் விடை ரெஜிஸ்டருக்குப் போய்ச் சேருவதற்குள் அடுத்தது பழைய மதிப்பைப் படித்துவிடும். விடை ரெஜிஸ்டரில் எழுதப்படும் வரை காத்திராமல் அதை நேராக அடுத்த கட்டளைக்கு அனுப்புவதுதான் ஃபார்வர்டிங். அதற்காக வைக்கும் வன்பொருளும் தாமதம் எடுக்கும், அந்தத் தாமதம் எந்த ஸ்டேஜில் போய் விழுகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் டீகோட். ரைட்பேக்கில் எழுதுவதை அதே சைக்கிளில் டீகோட் படிக்க வேண்டும். "முதல் பாதியில் எழுது, இரண்டாம் பாதியில் படி" என்று வகுப்பில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், நானும் பல வருடம் அப்படித்தான் சொன்னேன். ஆனால் அப்படிச் செய்தால் படிப்புக்குக் கிடைப்பது பாதி சைக்கிள்தான். 160 + 20 = 180 பாதிக்குள் அடங்க வேண்டும், முழு சைக்கிள் குறைந்தது 360. வெறும் 210 என்று நினைத்த ஸ்டேஜ் சத்தமில்லாமல் மொத்த இயந்திரத்தின் கிளாக்கையும் 360-க்கு இழுத்துவிடுகிறது! மாற்று வழி, எழுதும் மதிப்பை ஒரு மக்ஸ் வழியாக நேராகப் படிப்பு வெளியீட்டுக்குத் தள்ளிவிடுவது. அப்போது 30 + 160 + 25 + 20 = 235, 310-க்குள் சுகமாக அடங்குகிறது. இந்தத் தாமதங்களுக்கு இரண்டாவதுதான் சரி, அதையே வைத்துக்கொள்வோம்.

அடுத்தது எக்ஸிக்யூட். ஏஎல்யூவின் இரண்டு உள்ளீட்டிலும் ஃபார்வர்டிங் மக்ஸ் வருகிறது. 285 + 25 = 310 என்று போட்டுவிட்டு, கிளாக் மாறவில்லை என்று நிம்மதியாகிவிடத் தோன்றும். இந்த மூன்று வரியைப் பாருங்கள்:

```
lw   x5, 0(x10)
addi x8, x8, 4
add  x7, x6, x5
```

`add` எக்ஸிக்யூட்டில் இருக்கும் அதே சைக்கிளில் `lw` ரைட்பேக்கில் இருக்கிறது. `x5`-இன் மதிப்பு கடைசிப் பைப்லைன் ரெஜிஸ்டரில் இருந்து கிளம்பி, முதலில் ரைட்பேக்கின் மக்ஸைத் தாண்டி, அப்புறம் ஃபார்வர்டிங் மக்ஸ், அப்புறம் ஏஎல்யூ உள்ளீட்டு மக்ஸ், அதன் பிறகுதான் ஏஎல்யூ. பாதை ரைட்பேக் ஸ்டேஜின் ரெஜிஸ்டரில் தொடங்கி எக்ஸிக்யூட்டின் முடிவில் உள்ள ரெஜிஸ்டரில் முடிகிறது. பெட்டியை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

```
30 + 25 + 25 + 25 + 210 + 20 = 335
```

கிரிட்டிகல் ஸ்டேஜ் மெமரியிலிருந்து எக்ஸிக்யூட்டுக்கு இடம் மாறிவிட்டது. கிளாக் 335, ஸ்பீடப் 2.82. (ஃபார்வர்டிங் மக்ஸின் தேர்வு சிக்னலும் ரெஜிஸ்டர் எண்களை ஒப்பிட்ட பிறகுதான் வரும். ரைட்பேக் மக்ஸின் 25-ஐ விட அந்த ஒப்பீடு மெதுவாக இருந்தால் அதுவே பாதையாகிவிடும். இங்கே அது வேகமானது என்று எடுத்துக்கொள்கிறேன்.)

இப்போது யாராவது "மெமரிதான் மெதுவான பெட்டி, அதை இரண்டாக வெட்டு" என்றால் அது வீண் வேலை, கிளாக் 335-லேயே நிற்கும். ஏஎல்யூவை 20 சதவீதம் வேகமாக்கி 210-ஐ 168 ஆக்கினால் எக்ஸிக்யூட் 293 ஆகும், ஆனால் கிளாக் 293 ஆகாது, 310-ல் மெமரி தடுத்து நிறுத்திவிடும். 42 மிச்சம் பிடித்தும் கைக்கு வருவது 25.

பிராஞ்சை எங்கே முடிவு செய்வது

`beq` தாவுமா இல்லையா என்பதை எக்ஸிக்யூட்டிலேயே முடிவு செய்து பிசிக்கு அனுப்பினால், மேலே சொன்ன 335 பாதையின் நடுவில் ஆண்ட் கேட் 10-ம் பிசி மக்ஸ் 25-ம் சேர்கின்றன. கிளாக் 370. விடையை ஒரு பைப்லைன் ரெஜிஸ்டரில் வைத்து மெமரி ஸ்டேஜில் பிசிக்கு அனுப்பினால், அந்தத் துண்டு 30 + 10 + 25 + 20 = 85 மட்டும், கிளாக் 335-லேயே இருக்கும். ஆனால் தாவல் நடக்கும்போது தவறாக எடுத்துவைத்து வீசியெறியும் கட்டளைகள் எக்ஸிக்யூட்டில் 2, மெமரியில் 3.

கிளாக் பீரியட்டை மட்டும் வகுத்து இதற்கு விடை சொல்ல முடியாது, கட்டளைக்கு எத்தனை சைக்கிள் என்பதும் வேண்டும். ஒரு நிரலில் 25 சதவீதம் லோட், அவற்றில் 40 சதவீதத்துக்கு அடுத்த கட்டளையே அந்த மதிப்பைக் கேட்கிறது என்று வைப்போம். ஃபார்வர்டிங் இருந்தாலும் அங்கே ஒரு சைக்கிள் நிற்க வேண்டும், அதுதான் ஸ்டால், 0.25 × 0.4 = 0.10. பிராஞ்ச் 15 சதவீதம், அதில் 60 சதவீதம் தாவுகின்றன, தாவாது என்று ஊகித்தே எப்போதும் எடுக்கிறோம், ஆக அபராதம் கட்டுபவை 0.09.

```
எக்ஸிக்யூட்டில்: (1 + 0.10 + 0.09 × 2) × 370 = 1.28 × 370 = 473.6
மெமரியில்:      (1 + 0.10 + 0.09 × 3) × 335 = 1.37 × 335 = 458.95
```

சிங்கிள்-சைக்கிளில் கட்டளைக்கு எப்போதும் ஒரு சைக்கிள், 945. ஆகவே ஸ்பீடப் முதலாவதில் 2.00, இரண்டாவதில் 2.06. பிராஞ்சைச் சீக்கிரம் முடிவு செய்தால் பபிள், அதாவது வீணாகும் சைக்கிள், குறையும், அதுதான் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. இந்தத் தாமதங்களுக்கு அது நஷ்டம்.

எப்போது லாபம் என்றும் கண்டுபிடிக்கலாம். தாவும் பிராஞ்சின் பங்கை p என்று வைத்து இரண்டையும் சமன் செய்யுங்கள்:

```
370 × (1.10 + 2p) = 335 × (1.10 + 3p)
38.5 = 265p
p ≈ 0.145
```

நூறு கட்டளைக்குப் பதினான்கரைக்கு மேல் தாவல் நடந்தால்தான் எக்ஸிக்யூட் வெல்லும். அதே 0.10 ஸ்டாலோடு ஆறு கட்டளை கொண்ட ஒரு லூப் சுற்றிக்கொண்டே இருந்தால் p ஆறில் ஒன்று, 0.167, எக்ஸிக்யூட்டுக்கு 530, மெமரிக்கு 536. லூப்பில் இன்னும் ஒரு கட்டளையைச் சேர்த்து ஏழாக்கினால் p 0.143 ஆகிறது, 512.7-க்கு எதிராக 512.1, நூலிழையில் மெமரி முந்துகிறது.